மீள்மொழிபெயர்ப்பில் சிக்கும் பிழைகள்: ஹைட்ராலிக் கையேட்டின் தமிழை அறிகுறி பார்த்துத் திருத்துவது

கையேடு தமிழாகிவிட்டது, எழுத்துப்பிழை பார்த்தாகிவிட்டது, அச்சுக்குப் போவதுதான் பாக்கி என்ற கட்டத்தில் இந்த வேலை தொடங்குகிறது. தமிழைப் படித்தால் சரளமாக இருக்கும். மூலத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் குறை தெரியாது, ஏனென்றால் மூலம் தெரிந்த கண் தமிழில் இல்லாததையும் தானாக நிரப்பிக்கொள்ளும். அதனால்தான் மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் தமிழை மட்டும் கொடுத்து ஆங்கிலத்துக்குத் திருப்பச் சொல்கிறோம். திரும்பி வந்தது மூலத்தோடு எங்கே ஒத்துப்போகவில்லை என்று பார்த்தால், பொருள் நழுவிய இடம் வெளியே வரும்.

ரங்கூன், பெகு, மோல்மேன் பக்கத்துப் பட்டறைகளுக்கு இது இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது. எந்திரத்தோடு வரும் கையேடு ஆங்கிலத்தில் இருக்கும். அதைப் படிக்கப்போகிற பையன் பள்ளிப் படிப்பை பர்மிய மொழியில் முடித்தவன். தமிழ் எழுத்தைக் கோயில் வகுப்பில் கற்றவன். வீட்டுத் தமிழ் நன்றாக வரும், தமிழ்நாட்டுப் பாடநூல் கலைச்சொல் வராது. சென்னையில் சரியாகப் புரியும் ஒரு சொல் இங்கே வேறு பொருளைக் கொடுக்கலாம்.

தொடங்கும் முன்

மீள்மொழிபெயர்ப்பவர் பம்ப், வால்வு, சிலிண்டர் என்றால் என்னவென்று தெரிந்தவராக இருக்கவேண்டும். ஆனால் இந்தக் கையேட்டையோ இந்த எந்திரத்தின் ஆங்கிலப் புத்தகத்தையோ பார்த்தவராக இருக்கக் கூடாது. மூலம், சொற்பட்டியல், படங்களின் ஆங்கிலக் குறிப்பு எதுவும் அவர் கைக்குப் போகக் கூடாது. வாக்கியங்களுக்கு எண் போட்டு, தமிழை மட்டும் கொடுங்கள். கூடவே இந்த அறிவுரையையும் எழுதிக் கொடுங்கள்: "எழுதியிருப்பதை மட்டும் திருப்புங்கள். தவறு என்று தெரிந்தாலும் திருத்தாதீர்கள். இரண்டு பொருள் வந்தால் இரண்டையும் எழுதுங்கள். புரியாவிட்டால் புரியவில்லை என்று எழுதுங்கள்."

கையேடு முழுவதையும் திருப்ப வேண்டியதில்லை. எச்சரிக்கைகள், எண் உள்ள வாக்கியங்கள், வரிசைப்படி செய்யும் வேலைகள், பழுது காணும் அட்டவணை ஆகிய நான்கையும் முழுதாகக் கொடுங்கள். அறிமுகப் பகுதியிலிருந்து ஒன்றிரண்டு பத்தி எடுத்தால் போதும். ஒரே அமர்வில் 60 வாக்கியத்துக்கு மேல் கொடுக்காமல் இருப்பது நல்லது. அதற்கு மேல் போனால் அவர் கையேட்டின் போக்கைப் பிடித்துக்கொண்டு, தமிழில் இல்லாததைத் தானே சரிசெய்து எழுத ஆரம்பித்துவிடுவார்.

அறிகுறி 1: திரும்பி வந்தது மூலத்தோடு சொல்லுக்குச் சொல் ஒத்திருக்கிறது

இதைப் பார்த்து நிம்மதியடைகிறவர்கள்தான் அதிகம். நாங்கள் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

தமிழில் 'நிவாரண வால்வு' என்று இருந்தால், ஆங்கிலம் தெரிந்த எவரும் அதை 'ரிலீஃப் வால்வு' என்றுதான் திருப்புவார். வெள்ள நிவாரணம் என்பதில் வருகிற 'ரிலீஃப்' அவருக்குத் தெரியும், அதைத் திருப்பிப் போட்டுவிடுவார். ஆங்கிலப் பக்கம் அப்பழுக்கில்லாமல் நிற்கும். ஆனால் தமிழ் மட்டும் படிப்பவனுக்கு அந்த வால்வு என்ன செய்கிறது என்று ஒரு துளியும் தெரியாது. சொல்லுக்குச் சொல் அச்சடித்த மொழிபெயர்ப்பு, போன வழியே திரும்பி வந்துவிடுகிறது. மீள்மொழிபெயர்ப்பு என்ற சோதனை கண்டுபிடிக்க முடியாத பிழை இது.

இதைப் பிடிக்க ஒரு கூடுதல் கேள்வி போதும். மீள்மொழிபெயர்ப்பவரிடம், வாக்கியத்தைத் திருப்பிய பிறகு, "இந்தப் பொருள் எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது, எப்போது திறக்கிறது?" என்று அவர் வாயால் சொல்லச் சொல்லுங்கள். பர்மிய மொழியில் சொன்னாலும் சரி. பட்டறைக்காரருக்கு அதுதான் எளிது என்றால் அதுவே நல்லது. பதில் தடுமாறினால் சொல் தோற்றுவிட்டது.

இதே வால்வுக்கு 'அழுத்தக் குறைப்பு வால்வு' என்று போட்டவர்களும் உண்டு. கேட்க இயல்பாக இருக்கிறது, ஆனால் அது இன்னொரு பாகத்தின் பெயர். ரிலீஃப் வால்வு பம்பின் அழுத்த வழியிலிருந்து தொட்டிக்குப் போகும் கிளையில் மூடியபடி நிற்கும். தனக்கு முன்னால் உள்ள அழுத்தம் எல்லையைத் தொட்டால் திறந்து எண்ணெயைத் தொட்டிக்கு விடும். குறைப்பு வால்வோ எண்ணெய் போகும் வழியிலேயே திறந்தபடி நிற்கும். தனக்குப் பின்னால் உள்ள அழுத்தம் எல்லையைத் தொட்டால் தன்னை மூடிக்கொள்ளும். இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டால் பழுது தேடும் இடமே மாறிப்போகும். இந்தப் பிழை மட்டும் மீள்மொழிபெயர்ப்பில் தெளிவாகத் தெரியும், ஏனென்றால் ஆங்கிலத்தில் வேறு பெயராகத் திரும்பி வரும்.

திருத்தம்: பட்டறையில் 'ரிலீஃப் வால்வு' என்றே வழங்குவதால் அதையே வைத்துவிட்டு, முதல்முறை வரும் இடத்தில் "அழுத்தம் எல்லை மீறினால் எண்ணெயைத் தொட்டிக்குத் திருப்பிவிடும் வால்வு" என்று ஒரு தொடர் சேர்த்தால் போதும்.

இதே வகையில் இன்னும் சில. 'விரிசல் அழுத்தம்' என்பது அழகாக 'கிராக்கிங் பிரஷர்' என்று திரும்பி வரும். ஆனால் அது வால்வு திறக்கத் தொடங்கும் அழுத்தம். தமிழில் படிப்பவனோ எந்த அழுத்தத்தில் எது உடையும் என்று தேடுவான். 'திறப்புத் தொடங்கும் அழுத்தம்' என்று எழுதுங்கள். 'சாதாரணமாக மூடியிருக்கும் வால்வு' என்றால் பெரும்பாலான நேரம் மூடியிருக்கும் என்றுதான் காதில் விழுகிறது. மூலம் சொல்வது, மின்சாரமோ அழுத்தமோ கொடுக்காத நிலையில் மூடியிருக்கும் வால்வு. 'நீர்மத் தொட்டி' என்பதைச் சிலர் தண்ணீர்த் தொட்டி என்றே திருப்பினால் ஆச்சரியப்பட வேண்டாம். வீட்டுத் தமிழில் நீர் என்றால் தண்ணீர்தான். எண்ணெய்த் தொட்டி என்று எழுதுவதில் யாருக்கும் குறைவு இல்லை.

அறிகுறி 2: தடை, தேவையில்லை என்று தளர்ந்து திரும்பி வருகிறது

"மானி பூஜ்யத்துக்கு வரும்வரை இணைப்பைத் தளர்த்த வேண்டாம்" என்ற வாக்கியம், "பூஜ்யம் வரும்வரை தளர்த்தத் தேவையில்லை" என்ற பொருளில் திரும்பி வரும். மீள்மொழிபெயர்ப்பவரைக் குறை சொல்ல முடியாது. 'வேண்டாம்' என்பதற்கு நம் பேச்சில் இரண்டு பொருளும் உண்டு. "நீ வரவேண்டாம்" என்பது தடையா, சலுகையா என்பது குரலில்தான் இருக்கிறது. அச்சில் குரல் இல்லை.

அழுத்தம் உள்ள இணைப்பைத் தளர்த்தினால் எண்ணெய் ஊசிபோலப் பாயும். தோலுக்குள் நுழைந்த எண்ணெய், வெளியே சிறு புள்ளியாகத் தெரிந்தாலும், உடனே அறுவைசிகிச்சை தேவைப்படும் காயம். இந்த இடத்தில் ஒரு சொல் இருபொருள் தர இடம் விடக் கூடாது. கையேடு முழுவதும் தடைக்கு 'கூடாது' மட்டும், தேவையின்மைக்கு 'தேவையில்லை' மட்டும் என்று பிரித்துவிடுங்கள்.

அதேபோல 'லாம்'. "சுமை இறங்கலாம்" என்ற எச்சரிக்கை, "சுமையை இறக்க அனுமதி உண்டு" என்ற வாடையோடு திரும்பி வந்தால், 'இறங்கிவிடக்கூடும்' என்று மாற்றுங்கள். 'லாம்' அனுமதிக்கு மட்டும் இருக்கட்டும்.

அறிகுறி 3: 'எதை' என்ற கேள்விக்கு இரண்டு பதில் வருகிறது

தமிழ் வாக்கியம் சுருங்கும்போது எது விடுபட்டது என்று எழுதியவருக்குத் தெரியாது. அக்யுமுலேட்டர் பகுதியில் இது மிகவும் ஆபத்தானது. அந்த உருளைக்குள் ஒரு பக்கம் எண்ணெய், மறுபக்கம் நைட்ரஜன் வாயு. நைட்ரஜன் முன்னழுத்தத்தைச் சரிபார்க்கும் முன் எண்ணெய்ப் பக்க அழுத்தத்தை முழுதும் இறக்கிவிடவேண்டும் என்று மூலம் சொல்கிறது. தமிழில் "அக்யுமுலேட்டரின் அழுத்தத்தை வெளியேற்றிவிட்டு முன்னழுத்தத்தைச் சரிபார்க்கவும்" என்று இருந்தால், படிப்பவன் வாயு வால்வைத் திறந்து நைட்ரஜனையே வெளியேற்றிவிடுவான். பிறகு சரிபார்க்க எதுவும் இருக்காது. எண்ணெய்ப் பக்கத்து அழுத்தம் அப்படியே நிற்கும்.

மீள்மொழிபெயர்ப்பவர் இரண்டு பொருளையும் எழுதினால் அவருக்கு நன்றி சொல்லுங்கள். ஒன்றை மட்டும் எழுதி அது சரியாகவே இருந்தாலும், அழுத்தம், மானி, வால்வு, பக்கம், இணைப்பு ஆகிய ஐந்து சொல்லில் ஏதாவது ஒன்று வருகிற ஒவ்வொரு வாக்கியத்திலும் "எந்த?" என்று கேளுங்கள். மேலே சொன்ன "மானி பூஜ்யத்துக்கு" என்பதிலும் இதே ஓட்டை இருக்கிறது. பம்பு அருகில் உள்ள மானி பூஜ்யம் காட்டும்போதும், சுமை தாங்கி நிற்கும் சிலிண்டருக்கும் மூடிய வால்வுக்கும் இடையில் அழுத்தம் சிக்கியிருக்கும். மூலத்தில் 'அந்த வழியில் உள்ள மானி' என்று இருந்தால் தமிழிலும் இருக்கவேண்டும். மூலத்திலேயே இல்லையென்றால் அது மூலத்தின் குறை. மொழிபெயர்ப்பில் நிரப்பிவிடாமல், கையேடு கொடுத்தவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

வாயுவைப் பற்றிய வரியும் இதே பார்வைக்கு உட்பட்டதுதான். 'வாயு நிரப்பவும்' என்று மட்டும் இருந்தால் பட்டறையில் கைக்கு எட்டுவது வெல்டிங் ஆக்ஸிஜன் அல்லது கம்ப்ரசர் காற்று. எண்ணெயோடு சேர்ந்தால் இரண்டும் வெடிப்பை உண்டாக்கக்கூடியவை. 'உலர்ந்த நைட்ரஜன் மட்டும்' என்பதில் ஒரு சொல்லும் குறையக் கூடாது.

அறிகுறி 4: மூலத்தில் இரண்டு பழுது, திரும்பி வந்ததில் ஒன்று

பழுது காணும் அட்டவணையில் 'கேவிடேஷன்' ஒரு வரி, 'ஏரேஷன்' ஒரு வரி. தமிழில் இரண்டுக்கும் 'காற்றுக் குமிழ் உண்டாதல்' என்று போட்டுவிட்டால், மீள்மொழிபெயர்ப்பில் இரண்டு வரியும் ஒரே வாசகமாக வரும். எண்கள் 41, 42 என்று அடுத்தடுத்து இருந்தால் உடனே கண்ணில் படும்; பக்கங்கள் தள்ளியிருந்தால் படாது. ஆகவே திரும்பி வந்ததில் ஒரே ஆங்கிலச் சொல் வரும் எண்களை எல்லாம் திரட்டி, மூலத்தில் அங்கே ஒரே சொல்தானா என்று பாருங்கள்.

இவை ஏன் பிரிந்து நிற்கவேண்டும் என்றால், செய்யவேண்டிய வேலை வேறு. கேவிடேஷனில் வெளிக்காற்று எதுவும் புகவில்லை. உறிஞ்சும் பக்கத்துச் சல்லடை அடைத்தாலோ குழாய் உட்புறம் சுருங்கினாலோ எண்ணெய் போதாமல் அங்கே அழுத்தம் விழுகிறது. எண்ணெயிலேயே ஆவிக்குமிழ் உண்டாகி, பம்பின் அழுத்தப் பக்கத்தில் நசுங்குகிறது. சத்தம் ஒரே சீராகக் கீச்சிடும். ஏரேஷனில் தளர்ந்த இணைப்பு, தேய்ந்த தண்டு சீல், குறைந்த எண்ணெய் மட்டம் வழியாக வெளிக்காற்று கலக்கிறது. சத்தம் கூழாங்கல் உருள்வதுபோல ஏறி இறங்கும், தொட்டியில் நுரை தெரியும். இரண்டையும் ஒன்றாக எழுதினால், சல்லடை அடைத்த பம்பை வைத்துக்கொண்டு ஒருவன் இணைப்புகளை இறுக்கிக்கொண்டே இருப்பான், பம்ப் உள்ளே அரிபட்டுப்போகும்.

'கேவிடேஷன்' என்பதை அப்படியே வைத்து, "உறிஞ்சும் பக்கம் எண்ணெய் போதாமல் ஆவிக்குமிழ் உண்டாதல்" என்ற விளக்கம் கொடுங்கள். மற்றதற்கு 'எண்ணெயில் வெளிக்காற்று கலத்தல்' போதும். 'குமிழ்' என்ற சொல்லை அதில் போடாதீர்கள்.

அறிகுறி 5: எண் சரி, வேலை தவறு

எண்கள் மொழிபெயர்ப்பில் மாறாது என்பதால் அவற்றை யாரும் பார்ப்பதில்லை. மாறுவது எண்ணை ஒட்டி நிற்கும் சிறு சொல். இதற்கு ஒரு முழு எடுத்துக்காட்டு பார்ப்போம். ரிலீஃப் வால்வை 160 பாருக்கு அமைக்கும் பகுதி, தமிழில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

1. ரிலீஃப் வால்வின் அமைப்புத் திருகைக் கழற்றவும்.
2. பம்பை இயக்கி, சிலிண்டரை முடிவுவரை கொண்டுசெல்லவும்.
3. திருகை உள்ளே திருப்பி, அழுத்தத்தை 20 பார் வரை உயர்த்தவும்.
4. 160 பார் வந்ததும் பூட்டு நட்டை இறுக்கவும்.
5. பிறகு மானியைச் சரிபார்க்கவும்.

திரும்பி வந்ததில், முதல் வாக்கியம் திருகை எடுத்துவிடு என்கிறது. மூலம் சொல்வது, ஸ்பிரிங்கின் அழுத்தம் போகும்வரை திருகை வெளிப்பக்கம் சுற்றித் தளர்த்து என்பது. 'கழற்று' என்றால் நமக்குக் கையில் எடுப்பதுதான். எடுத்துவிட்டுப் பம்பை இயக்கினால் அந்தத் துளை வழியாக எண்ணெய் பீறிடக்கூடும். "திருகைத் தளர்த்தவும், முழுவதும் வெளியே எடுக்கக் கூடாது" என்று மாறவேண்டும்.

இரண்டாவது வாக்கியம் ஒத்துவருகிறது. ஆனாலும் எந்த முடிவு என்று கேட்டால், முழுதும் நீண்ட நிலை என்று மூலத்தில் இருப்பது தமிழில் இல்லை. அறிகுறி 3 இங்கேயும் உட்கார்ந்திருக்கிறது.

மூன்றாவதுதான் நாம் தேடி வந்தது. '20 பார் வரை' என்பது 20 என்ற அளவைத் தொடும்வரை என்று திரும்பியது. மூலத்திலோ ஒவ்வொரு முறையும் 20 பார் கூட்டு, மானி நிலைபெறப் பார்த்துவிட்டு அடுத்த 20 கூட்டு என்று இருக்கிறது. 'வரை' என்ற இரண்டெழுத்து பொருளைப் புரட்டிவிட்டது. அடுத்த வாக்கியத்தில் 160 என்று வருவதைப் பார்த்து, 20-லிருந்து ஒரே மூச்சில் 160-க்குத் திருகுவான். "ஒரு முறைக்கு 20 பார் வீதம் உயர்த்தவும், ஒவ்வொரு முறையும் மானி நிலைபெறும்வரை காத்திருக்கவும்" என்று எழுதினால் இரு பொருளுக்கு வழியில்லை.

நான்காவதில் பொருள் நழுவவில்லை. ஆனால் இங்கே பட்டறைச் சுவரில் உள்ள மானி பார் காட்டாமல் பி.எஸ்.ஐ. காட்டினால், 160 என்பது மிகச் சிறிய எண்ணாகிவிடும். 160 பார் என்பது சுமார் 2,320 பி.எஸ்.ஐ.; சதுர சென்டிமீட்டருக்குக் கிலோ கணக்கில் சுமார் 163. மூலத்தில் பார் மட்டும் இருந்தாலும், மாற்று அளவை அடைப்புக்குறிக்குள் சேர்க்கலாமா என்று கையேடு கொடுத்தவரிடம் அனுமதி கேளுங்கள்.

ஐந்தாவது, மானி ஒழுங்காக இருக்கிறதா என்று பரிசோதி என்று திரும்பியது. மூலம், நட்டை இறுக்கும்போது திருகும் சற்று நகரக்கூடும் என்பதால் மானி காட்டும் அளவை மறுபடி படி என்கிறது. "மானி இன்னும் 160 பார் காட்டுகிறதா என்று மறுபடி பார்க்கவும்" என்பது சரி.

ஐந்து வாக்கியத்தில் பொருள் நழுவியவை மூன்று, விடுபட்டது ஒன்று. படிக்கும்போது ஐந்தும் நல்ல தமிழாகத்தான் இருந்தன.

எண்ணெய் வகையிலும் ஒரு சிறு இடறல் உண்டு. வி.ஜி. 46 என்பதில் உள்ள 46, 40 டிகிரி செல்சியஸில் எண்ணெயின் பாகுத்தன்மையைச் சொல்லும் எண். '46 டிகிரி எண்ணெய்' என்று திரும்பி வந்தால், சித்திரை வெயிலில் தொட்டி சூடாவதைப் பார்த்து எண்ணெயை மாற்றக் கிளம்புவார்கள்.

வேறுபாடு எல்லாம் பிழை அல்ல

திரும்பி வந்ததில் வேறுபாடு கண்டதும் தமிழைத் திருத்தாதீர்கள். முதலில் அந்த எண்ணின் தமிழ் வாக்கியத்தை இரண்டாவது பட்டறைக்காரர் ஒருவரிடம் படித்துக்காட்டி, என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். அவர் மூலத்தின்படியே செய்வேன் என்றால், மீள்மொழிபெயர்ப்பவர் சறுக்கியிருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் அது எச்சரிக்கை வாக்கியமாக இருந்தால் அப்போதும் மாற்றுங்கள். ஒருவர் தவறாகப் படித்தார் என்பதே போதுமான காரணம். இருவரும் தவறினால் பிழை தமிழில். இருவரும் ஒன்றுபோலத் தயங்கினால் மூலத்தை எடுத்துப் பாருங்கள், அங்கேயே இரு பொருள் இருக்கும்.

திருத்திய வாக்கியங்களை முதல் ஆளிடம் திரும்பக் கொடுக்கக் கூடாது. அவருக்கு இப்போது விடை தெரியும். புதியவர் ஒருவரிடம், திருத்தியதோடு அதற்கு முன்னால் ஒரு வாக்கியத்தையும் பின்னால் ஒரு வாக்கியத்தையும் சேர்த்துக் கொடுங்கள். ஒரு சொல்லை மாற்றியிருந்தால் அது வருகிற எல்லாப் பக்கமும், படத்தின் கீழுள்ள குறிப்பும், எந்திரத்தில் ஒட்டும் தகடும் சேர்ந்து மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள். தகட்டில் 'நிவாரண வால்வு' என்று நின்றுவிட்டால், கையேட்டில் 'ரிலீஃப் வால்வு' என்று திருத்தியதைப் படிக்கிறவன் எந்திரத்தில் அதைத் தேடிக்கொண்டிருப்பான்.